காறல்
காறல் என்பது சேனைக்கிழங்கு, சேம்பிலை போன்றவற்றைச் சரியாக வேகவைக்காமல் உண்ணும்போது நாக்கிலும் தொண்டையிலும் தோன்றும் குத்தலும் அரிப்பும் ஆகும். இவ்விரு தாவரங்களும் அரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. நறுக்கும் கைகளிலும் இதே நமைச்சல் ஏற்படுவதால் சமைப்போர் எண்ணெய் தடவிக்கொள்வர்.

இவற்றின் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட்டு, இருமுனையும் கூரிய நுண்ணூசிகளாகக் கட்டுக்கட்டாக அமைந்துள்ளது. மெல்லும்போது ஊசிகள் வெளிப்பட்டு மென்சவ்வில் தைக்கின்றன. ஊசியோடு சேர்ந்த புரதச்சிதைவு நொதிகளும் எரிச்சலைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது; கால்சியம் ஆக்சலேட்டின் அளவு மட்டும் காறலின் கடுமையை முழுமையாக விளக்குவதில்லை.

கால்சியம் ஆக்சலேட்டு நீரில் ஏறக்குறையக் கரையாது. சமையல் வெப்பம் ஊசிகளை அழிப்பதுமில்லை. நெடுநேரம் வேகவைப்பதால் நொதிகள் செயலிழக்கின்றன, மாவுச்சத்து குழைந்து ஊசிகளைப் பொதிந்துகொள்கிறது, கரையும் ஆக்சலேட்டு நீரில் இறங்குகிறது. எனவே வேகவைத்த நீரை வடித்துவிடுவதே முறை. புளியின் அமிலம் காறலைத் தணிப்பது சமையலில் நெடுநாள் அனுபவம். ஊசிகள் அனைத்தையும் அது கரைத்துவிடுவதாகக் கொள்ளலாகாது.

சேனை வறுவலுக்குத் துண்டுகளைப் புளிநீரில் மஞ்சள், உப்புடன் நடுப்பகுதி மெத்தென்றாகும்வரை வேகவைத்து, வடித்த பின்னரே பொரிப்பர். பச்சையாக எண்ணெயில் இட்டால் மேற்புறம் சிவந்தும் உள்ளே வேகாமல் காறக்கூடும். குஜராத்தின் பாத்ரா என்னும் பண்டத்தில் சேம்பிலைமீது புளி சேர்த்த கடலைமாவைப் பூசிச் சுருட்டி ஆவியில் வேகவைக்கின்றனர். காறல் குறைந்த ‘கஜேந்திரா’ சேனை வகையும் பயிராகிறது.