"உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்து வைத்தால் எதை இழக்கிறோம்?

செட்டிபாளையத்தில், கல்முனை வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்த அக்காவின் வீடு. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். மகன் ஒருவர். வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய பணத்தோடு தனது நகையையும் விற்றுச் சேர்த்து, 68 இலட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ரொயோட்டா அக்குவா கார் வாங்கினார். மகன் ஹயர் ஓடுவார் என்பதுதான் திட்டம். முப்பத்தேழாவது நாள் களுவாஞ்சிக்குடிக்கு நோயாளி ஒருவரை ஏற்றிச் செல்லும் வழியில், டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்து கார் இழுவை இல்லாமல் நின்றது.

"தம்பி, மூன்று மாத வொறண்டி இருக்குதெண்டுதானே சொன்னவங்கள். இப்ப பற்றரிக்கு இல்லையாம்" என்று அவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அதில் இருந்த நான்கு வரிகளை அவர் கையெழுத்து வைக்கும்போது யாரும் வாசித்துக் காட்டவில்லை. அவை ஆங்கிலத்தில் இருந்தன.

விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே நான்கு வரிகள் பல கார் சேல்களின் தாள்களில் இருக்கின்றன. பெயரைவிட அந்த வரிகளைத் தெரிந்துகொள்வதுதான் வாசகருக்குப் பயன்படும்.

தாளில் இருந்தவை

முதலாவது வரி: வாகனம் "அஸ் இஸ்" அடிப்படையில், அதாவது உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, வாங்குபவர் பரிசோதித்துத் திருப்தியடைந்துள்ளார். இரண்டாவது: எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் மட்டும் 3 மாதம் அல்லது 3,000 கிலோமீற்றர், எது முதலில் முடிகிறதோ அதுவரை உத்தரவாதம். மூன்றாவது: திருத்தம் விற்பனையாளர் சொல்லும் கராஜில் மட்டும், உதிரிப்பாகச் செலவில் பாதி வாங்கியவருடையது. நான்காவது: 3 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் கிடையாது, பெறுமதி கழித்து வேறு வாகனம் தரப்படும்.

வாயால் சொன்னது "மூன்று மாத வொறண்டி". தாளில் இருப்பது இரண்டு பாகங்களுக்கான, பாதிச் செலவுள்ள, 3,000 கிலோமீற்றரோடு முடியும் உத்தரவாதம். ஹயர் ஓடும் காருக்கு 3,000 கிலோமீற்றர் ஒரு மாதத்திலேயே முடிந்துவிடும். ஒரு ஹைபிரிட் காரின் மிக விலை கூடிய பாகங்களில் ஒன்றான பற்றரியோ எஞ்சினுமல்ல, கியர்பொக்ஸுமல்ல. ஆகவே ஹைபிரிட் வாங்குபவர், "ஹைபிரிட் பற்றரி, இன்வேர்ட்டர்" என்ற சொற்கள் உத்தரவாதத்தில் பெயர் குறித்து எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால் விற்றவர் அவற்றைத் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

"உள்ளது உள்ளபடி" எதை எடுத்துக்கொள்கிறது, எதை எடுக்காது

எமது நாட்டில் பொருள் விற்பனைக்கு அடிப்படை 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது. அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவரிடம் நீங்கள் அதன் விபரத்தை நம்பி வாங்கினால், அது விற்பனைக்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் அடங்கியிருக்கும் நிபந்தனை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அவர் பின்னர் முறையிட முடியாது. தாளில் "பரிசோதித்துத் திருப்தியடைந்தார்" என்று எழுதுவதன் காரணம் இதுதான். கீறல், தேய்ந்த டயர், கதவடியில் உப்புக்காற்றால் பிடித்த துரு போன்றவற்றின் பொறுப்பு அந்த வரியோடு உங்கள் தோளுக்கு மாறுகிறது.

அந்த வரி எடுத்துக்கொள்ள முடியாதவையும் உண்டு. ஒன்று, பொய். மீற்றரைப் பின்னால் சுற்றிவிட்டு, அல்லது மோதுண்ட காரை மோதவில்லை என்று சொல்லி விற்றுவிட்டு "உள்ளபடிதானே வாங்கினீர்கள்" என்று சொல்ல முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி தவறாக வழிநடத்துவதையும் பொருளைப் பற்றிப் பொய்யான விபரம் கூறுவதையும் தடுக்கிறது. மற்றது, விற்பதற்கான உரிமை. லீசிங் கொம்பனியின் பெயர் வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிற்கும்போது, அதை மறைத்து விற்பதற்கு "உள்ளபடி" மறைப்பாகாது.

1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று இன்னொன்றும் இருக்கிறது. வியாபாரி ஒரு வரி எழுதித் தனது பொறுப்பு முழுவதையும் நுகர்வோர் மீது தட்டிவிடுவதைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால் தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று வாதிட விற்பவருக்கு இடமுண்டு. ஹயர் ஓட வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்து, சட்டத்தை மட்டும் நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

லண்டனில் இருக்கும் உறவினர் "அங்கே முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமே" என்று சொல்வார். உண்மைதான். பிரித்தானியாவின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள காரை வியாபாரியிடம் 30 நாட்களுக்குள் மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அமெரிக்காவில் வியாபாரி விற்கும் பழைய காரின் கண்ணாடியில், உத்தரவாதம் உண்டா, அல்லது "உள்ளபடி" விற்பனையா என்று குறித்த தாள் ஒட்டப்பட வேண்டும். இங்கே அப்படி ஒரு தாளும் இல்லை. மனம் மாறியதற்காகக் காரைத் திருப்பிக் கொடுக்கும் பொதுவான உரிமையும் இல்லை. விற்பவர் தானாக எழுதித் தருவதே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. அதில் "பணம்" என்ற சொல் இருக்கிறதா, "மாற்று வாகனம்" என்று மட்டும் இருக்கிறதா என்பதே முக்கியம். லீசிங்கில் எடுத்திருந்தால், காரைத் திருப்பிக் கொடுத்தாலும் லீசிங் ஒப்பந்தம் தானாக முடியாது. மாதத் தவணை ஓடிக்கொண்டேயிருக்கும்.

பற்றரியில் நடந்தது

அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. 20 தொகுதிகள் வரிசையாக இணைக்கப்பட்டு 144 வோல்ட் தருகின்றன. ஒரு தொகுதி பலவீனமானாலும் முழு வரிசையும் பாதிக்கப்படும். பின் இருக்கையோரம் காற்று உள்ளே போகும் துவாரம் தூசியால் அடைபட்டால் பற்றரி சூடாகி விரைவில் பழுதாகும். மட்டக்களப்பு வெயிலில் இது சாதாரணம்.

பற்றரி பழுதாகும்போது காரின் கணினி P0A80 என்ற குறியீட்டைப் பதிவு செய்யும். இந்தக் குறியீட்டை ஒரு சிறிய ஸ்கேன் கருவியால் அழித்துவிட முடியும். அழித்தபின் சில நாட்கள் விளக்கு எரியாது. கார் நன்றாக ஓடும். பிறகு கணினி மீண்டும் அளந்து அதே பழுதைக் காணும்.

நல்ல மெக்கானிக் ஒருவர் இதைப் பிடிக்கும் வழி எளிது. ஸ்கேன் கருவியில் "குறியீடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்ற அளவு இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போன நாளில் அது 10, 15 கிலோமீற்றர் என்று காட்டினால், யாரோ அண்மையில் எதையோ அழித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டும். காரைக் குறைந்தது அரை மணி நேரம் ஏசியோடு ஓட்டி, பற்றரித் தொகுதிகளின் வோல்ட் ஒன்றுக்கொன்று விலகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கார் சேல் காட்டும் மெக்கானிக் அல்ல, நீங்கள் கூட்டிப்போகும் மெக்கானிக்கே இதைச் செய்ய வேண்டும்.

அக்காவின் காரில் யாரும் இதைப் பார்க்கவில்லை. கராஜில் பற்றரி மாற்ற 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கேட்டார்கள்.

மூன்று மாதக் கணக்கு

விற்றவர் இல்லை என்று சொல்லவில்லை. "அடுத்த கிழமை வாங்கோ, பார்ப்பம்" என்றார். ஐந்து கிழமை அப்படியே போனது. இதில்தான் ஆபத்து.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, வியாபாரி வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு, மாற்றீடு அல்லது பணத்தைத் திருப்புதல் பற்றி உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரமுண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பழுதான நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. ஆறு மாத வொறண்டி கொடுத்த கார் ஐந்தாவது மாதத்தில் நின்றால், அந்த வழி ஏற்கெனவே மூடியிருக்கும். நீதிமன்ற வழிதான் மிச்சம்.

அக்கா என்னிடம் வந்தது எழுபத்திரண்டாவது நாள். மகனின் கைபேசியில் விளம்பரத்தின் படம் இருந்தது. அதில் தமிழில் "ஹைபிரிட் பற்றரி 100% கொண்டிஷன்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி, தாளின் நான்கு வரிகளைவிடக் கனமானது. எழுத்து உத்தரவாதத்தில் பற்றரி இல்லை என்பது உண்மை. ஆனால் பற்றரி நல்லது என்று சொல்லி விற்றதும் உண்மை. விளம்பரம், ரசீது, தாளின் பிரதி, ஸ்கேன் அறிக்கை, கராஜின் விலைக் குறிப்பு ஆகிய ஐந்தையும் இணைத்து, திகதிகளோடு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ஒன்றைப் பதிவுத் தபாலில் விற்றவருக்கு அனுப்பினோம். மற்றதை எண்பதாவது நாள் மட்டக்களப்புக் கச்சேரியிலுள்ள அதிகாரசபை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை எமது பிரதியில் வாங்கினோம்.

ரசீதில் ஒரு சிக்கல் இருந்தது. விற்றவராகக் கார் சேலின் பெயர் இல்லை; காரின் பழைய சொந்தக்காரரின் பெயர் இருந்தது. திறந்த கையெழுத்தோடு படிவங்களை வைத்துக்கொண்டு விற்கும்போது இப்படி நடக்கும். அப்போது கார் சேல் "நாங்கள் தரகர் மட்டும்" என்று சொல்லலாம். தனியாள் ஒருவர் விற்றால் மேலே சொன்ன வியாபாரிக்குரிய பொறுப்புகள் பலவும் பொருந்தாது. அக்காவுக்கு உதவியது, முற்பணம் கார் சேலின் வங்கிக் கணக்குக்குப் போனதற்கான வங்கிச் சீட்டு. பணம் கொடுக்கும்போது, கையில் கொடுக்காமல் கடையின் கணக்குக்கு இடுவதும், கடையின் பெயரில் ரசீது கேட்பதும் இதனால்தான். கேட்டால் ரசீது கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

விசாரணைக்கு அழைப்பு போன பிறகு விற்றவர் பேச வந்தார். 1 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் தருவதாக எழுதிக் கொடுத்தார். மீதியைத் தம்பி அனுப்பினார். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கார் நின்ற ஏழு கிழமை ஹயர் உழைப்புக்கு யாரும் எதுவும் தரவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும்வரை, உள்ளூரில் ஓடித் தேய்ந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றில் பல இன்னும் விற்பனைக்கு நிற்கின்றன. அக்காவிடம் இப்போது யாராவது கார் வாங்க ஆலோசனை கேட்டால் அவர் ஒன்றைத்தான் சொல்கிறார்: "அந்தத் தாளைத் தமிழில எழுதித் தரச் சொல்லுங்கோ. எழுதித் தர மாட்டன் எண்டால், ஏன் எண்டு அந்த இடத்திலயே கேளுங்கோ."