பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு: வரிசை, இடைவெளி, பாணி ஆகியவற்றின் சிதைவும் சீரமைப்பும்

1. எடுத்துக்கொண்ட பொருள்

புனே நகரத்துப் போபோடியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், தம் வீட்டுப் பெரியவர் எழுதிய சிறுகதைகளைக் கணினிக் கோப்பாக நம்மிடம் தந்தது. கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தது. கதைமாந்தர் பேச்சுத் தமிழில் பேசுகிறார்கள். இடையிடையே Khadki போன்ற ஊர்ப்பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே வருகின்றன. அதை ஒருங்குறிக்கு மாற்றும்போது கண்டவற்றை இங்கே முறைப்படுத்துகிறோம்.

பாமினியில் தட்டிய கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. 'தமிழ்' என்னும் சொல் அங்கே `jkpo;` என்று கிடக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்துகிறது. எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கிவிடும். ஒருங்குறியிலோ உயிர், மெய், உயிர்க்குறி ஒவ்வொன்றுக்கும் 0B80 முதல் 0BFF வரையுள்ள தமிழ்ப் பகுதியில் தனி எண் உண்டு.

வேற்றுமை எண்ணோடு நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் முறையில் இடமிருந்து வலமாகக் குறிகளை அடுக்குவதைக் 'கட்புல வரிசை' என்போம், பாமினி இவ்வகையது. மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைப்பதை 'ஒலிப்பு வரிசை' என்போம், ஒருங்குறி இவ்வகையது. இந்த இரண்டாம் வரிசை ஒருங்குறிக்கு இஸ்கி என்னும் இந்தியத் தரத்திலிருந்து வந்தது.

2. வரிசைச் சிதைவு

இணையத்தில் 'தொியும்' என்ற சொல்லைப் பலரும் கண்டிருப்பர். எழுதியவர் தட்டியது 'தெரியும்' தான். இப்பிழையின் காரணம் விளங்கினால் மாற்றத்தின் பெரும்பகுதி விளங்கும்.

பாமினியில் அச்சொல் `njhpAk;` ஆகும். n என்பது ஒற்றைக்கொம்பு, j என்பது த, p என்பது இகரக் குறி, A என்பது யு, k; என்பது ம். சிக்கல் h-இல் இருக்கிறது. அது துணைக்கால். ஆனால் ரகரத்தின் மேல் குறியோ புள்ளியோ ஏறும்போது அதன் கீழ்க்கால் மறைந்து துணைக்கால் வடிவாகவே நிற்பது பழைய அச்சு வழக்கு. ஆகவே `hp` என்றால் ரி, `h;` என்றால் ர். மாற்றி `njh` என்பதைக் கண்டவுடன் 'தொ' என்று எடுத்துக்கொண்டால், எஞ்சிய p அதன் தலையில் ஏறி 'தொி' ஆகிறது.

தீர்வு விதிகளின் முன்பின்னில் உள்ளது. துணைக்காலை அடுத்து இகரமோ ஈகாரமோ புள்ளியோ தமிழில் வரவே வராது. எனவே `h;`, `hp`, `hP` ஆகிய மூன்றையும் முதலில் ர், ரி, ரீ என மாற்றிவிட வேண்டும். அதன்பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒகர ஓகாரங்கள், அதன்பின் தனிக்கொம்புகள், தனி எழுத்துகள் கடைசியில். இவ்வரிசையில் சென்றால் `njhy;iy` என்பது 'தொல்லை' ஆகவும் `njhpAk;` என்பது 'தெரியும்' ஆகவும் பிழையின்றிப் பிரியும்.

முன்பே தவறாக மாற்றப்பட்ட கோப்பு கைக்கு வந்தால், அதை NFC முறையில் ஒழுங்குபடுத்திவிட்டுக் கீழ்க்காணும் தேடலை ஓட்டலாம்:

```
(?<![\u0B95-\u0BB9])[\u0BBE-\u0BCD]
```

மெய்யை அடுத்து வராத உயிர்க்குறி எதுவாயினும் இது பிடித்துத் தரும். 'தொியும்', 'ஊாில்' இரண்டும் இதில் சிக்கும்.

சிக்காத ஒன்று உண்டு. பாமினியில் ஔகாரத்தின் பின்னுறுப்பும் ளகரமும் ஒரே விசை. `nfsutk;` என்பதை மாற்றி 'கெளரவம்' என்று தருகிறது, வேண்டியது 'கௌரவம்'. ளகரத்தின்மேல் குறியோ புள்ளியோ இருந்தால் அது ளகரமே, 'தெளிவு' போல. குறியில்லாத இடத்தில் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடலாம் என்று முதலில் நாமும் எண்ணினோம். ஆனால் பெரியவரின் கதையில் ஒருவன் வீட்டைவிட்டுக் 'கெளம்பினான்'. இன்னொருத்தி 'வெளக்கு' ஏற்றினாள். விதி இவற்றைக் 'கௌம்பினான்', 'வௌக்கு' என்று ஆக்கியிருக்கும். எழுத்தளவில் நின்று இதைத் தீர்க்க இயலாது. கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் முதலியவற்றைச் சொற்பட்டியலாக வைத்து அவற்றை மட்டும் மாற்றுவதும், மற்றவற்றைக் கண்ணால் பார்ப்பதுமே வழி.

3. துண்டுச் சிதைவு

வேர்டு கோப்பு உரையைத் 'துண்டு'களாக வைக்கிறது. ஒரே எழுத்துருவும் அளவும் தடிப்பும் கொண்ட தொடர்ச்சியே துண்டு. எது தமிழ், எது ஆங்கிலம் என்பதற்கு நமக்குள்ள ஒரே சான்று துண்டின் எழுத்துருப் பெயர்தான். உரையை மட்டும் நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் அச்சான்று அழிகிறது; Khadki என்பது 'முாயனமை' ஆகிவிடுகிறது. ஆகவே நகலெடுத்து ஒட்டுவதை அறவே விலக்கி, பாமினி என்று பெயர் தாங்கிய துண்டுகளை மட்டும் கோப்புக்குள்ளேயே மாற்ற வேண்டும்.

அதற்கு முன் ஒரு பணி உண்டு. பிழைதிருத்தி `njhpAk;` போன்றவற்றைப் பிழையான ஆங்கிலமாகக் கருதி ஆங்காங்கே `w:proofErr` குறிகளை இடுகிறது. அவற்றாலும், இடையில் செய்த திருத்தங்களாலும் ஒரு சொல் இரு துண்டாகிறது. கொம்பு ஒரு துண்டின் இறுதியிலும் அதன் மெய் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் நின்றால் இரண்டும் சேராமல் 'ெதரியும்' என்று வரும். எனவே ஒரே பண்புள்ள அடுத்தடுத்த துண்டுகளை இணைத்த பின்னரே மாற்ற வேண்டும்.

4. இடைவெளிச் சிதைவு

இடைவெளிகளை இரண்டாகப் பிரிக்கிறோம். தமிழ் எழுத்திலக்கணப்படி நிற்கவே முடியாதது 'இயலா இடைவெளி'. கொம்புக்கும் மெய்க்கும் இடையே, மெய்க்கும் புள்ளிக்கும் இடையே வருபவை இவ்வகை. பத்தியின் ஓரத்தைச் சீராக்க வரியை ஒடித்தபோது கொம்பு வரியிறுதியில் தங்கிவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். n, N, i மூன்றும் கொம்பும் ஐகாரக் குறியும் ஆதலால் எச்சொல்லின் இறுதியிலும் நில்லா. பாமினி வடிவிலேயே, மாற்றத்துக்கு முன்பே, அவற்றை அடுத்த இடைவெளியைத் தயக்கமின்றி நீக்கலாம்.

மற்றது 'ஐயுறு இடைவெளி'. நெடுவரிசையில் சொல் நடுவே ஒடிந்து, அந்த ஒடிவு இடைவெளியாக மாறியிருக்கும்: 'வேலைக்கா ரன்'. இங்கே நமக்கு உதவுவது மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிய பழைய இலக்கணம். ழ, ள, ற, ன, ண ஆகியவை சொல்லின் முதலில் வாரா. புள்ளி பெற்ற மெய்யும் வாராது. இடைவெளிக்குப் பின் இவை நின்றால் அது பெரும்பாலும் ஒடிவே. 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், பாமினி மிகுதியாக வழங்கிய ஈழத்து எழுத்தில் 'றப்பர்', 'றோட்டு' என்ற வழக்குகள் இருப்பதுதான். 'வேலைக்கா ரன்' போன்றதை இவ்விதி பிடிக்காது. ரகரம் 'ரயில்' முதலிய சொற்களில் முதலில் வருகிறது. 'வந்து விட்டான்', 'வந்துவிட்டான்' என்னும் வேறுபாடு சிதைவே அன்று. அது எழுதியவரின் நடை. அதில் கை வைக்கலாகாது.

5. பாணிச் சிதைவு

எழுத்தெல்லாம் சரியான பின்னும் ஒரு கோப்பு பாழாகத் தோன்றலாம். நம் கோப்பில் தலைப்புகளின் தடிப்பு மறைந்தது, அளவும் சுருங்கியது. வேர்டு தமிழைச் சிக்கல் வரிவடிவம் என்று வகைப்படுத்தி அதற்கெனத் தனிப் பண்புகளை வைத்திருக்கிறது. பாமினி உரையோ அதன் பார்வையில் ஆங்கிலம். ஆதலால் பண்புகள் ஆங்கிலப் பெயரில் எழுதப்பட்டிருந்தன:

```
<w:rFonts w:ascii="Bamini" w:hAnsi="Bamini"/>
<w:b/><w:sz w:val="28"/>
```

மாற்றிய பின் அவற்றின் இணைகள் வேண்டும்:

```
<w:rFonts w:cs="Nirmala UI"/>
<w:bCs/><w:szCs w:val="28"/>
```

28 என்பது அரைப்புள்ளிக் கணக்கு. பதினான்கு புள்ளி அளவு. சாய்வுக்கு `w:iCs`. துண்டுகளில் மட்டுமன்றிப் பாணி வரையறைகளிலும் இதைச் செய்யாவிட்டால், தலைப்புப் பாணியை நம்பிய இடங்கள் மெலிந்தே நிற்கும். அளவை எண் மாறாமல் கொண்டுவந்தாலும் பாமினியின் பதினான்கும் புதிய எழுத்துருவின் பதினான்கும் கண்ணுக்கு ஒன்றல்ல. ஆகவே ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பழைய படியோடு அருகில் வைத்து, பாணி வரையறையில் ஒரே இடத்தில் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். போபோடிக் குடும்பம் பழைய அச்சுப் படியை வைத்திருந்ததால் இவ்வொப்பீடு நமக்கு வாய்த்தது. ஐயுறு இடைவெளிகளில் விதி கைவிட்டவற்றையும் அதே படியைப் பார்த்தே தீர்த்தோம்.