கடன் வசூல் முகவர்களின் தொடர் அழைப்புகள்: சட்டம் அனுமதிக்கும் நேரம் எது? புகாருக்கு ஆதாரம் சேர்ப்பது எப்படி?

திருவனந்தபுரம்: தவணை தவறிய கடனுக்காக வசூல் முகவர்கள் கடன்தாரரைத் தொலைபேசியில் அழைப்பது சட்டவிரோதமன்று. ஆனால், எந்த நேரத்தில் அழைக்கலாம், யாரை அழைக்கலாம், எப்படிப் பேசலாம் என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி தெளிவான எல்லை வகுத்துள்ளது. அந்த எல்லை எல்லாக் கடன்களுக்கும் ஒன்றல்ல. தமது கடன் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்தவரால்தான் முகவர் விதியை மீறுகிறாரா, இல்லையா என்பதை உறுதியாகக் கூற இயலும்.

இரண்டு கடன்கள், இரண்டு நேர வரம்புகள்

வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும் வழங்கும் தனிநபர் கடன், வாகனக் கடன் போன்றவற்றுக்கு 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை பொருந்தும். இதன்படி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கடன்தாரரை அழைக்கக் கூடாது.

குறுநிதிக் கடன்களுக்கு வரம்பு இன்னும் குறுகியது. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு எதுவும் பெறாமல் வழங்கப்படும் கடனே குறுநிதிக் கடன். மகளிர் குழுக்கள் வழியாகக் கிடைக்கும் கடன்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே. 2022 மார்ச் 14 அன்று வெளியான வழிகாட்டுதலின்படி, இவர்களைக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. தவணையை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் பெற வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கடன்தாரர் அங்கு வராதபோது மட்டுமே ஊழியர் வீட்டுக்கோ பணியிடத்துக்கோ செல்லலாம்.

இரு வகைக் கடன்களிலும் மிரட்டுதல், இழிவாகப் பேசுதல், ஓயாமல் அழைத்தல், உறவினரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்துதல், கடன்தாரரின் பெயரைப் பலரறியச் செய்து அவமானப்படுத்துதல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன.

வித்துராவில் ஓர் எடுத்துக்காட்டு

பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள வித்துராவில், தோட்ட வேலைக்குச் செல்லும் பெண் ஒருவர் ரூ.40,000 குறுநிதிக் கடன் பெற்று, வேலை குறைந்ததால் இரண்டு தவணைகளைச் செலுத்தத் தவறினார் என்று கொள்வோம். திங்கட்கிழமை காலை 7.40 மணிக்கு அவருக்கு முதல் அழைப்பு வருகிறது. பிற்பகல் 2 மணிக்கு மற்றோர் எண்ணிலிருந்து அடுத்த அழைப்பு. மாலை 6.50 மணிக்கு மூன்றாவது அழைப்பு. மறுநாள், உடன் வேலை செய்யும் பெண்ணை அழைத்து, இவருடைய கடனைப் பற்றி முகவர் பேசுகிறார்.

இவற்றில் காலை 7.40 மணி அழைப்பு எந்தக் கடனாக இருப்பினும் விதிமீறலாகும். பிற்பகல் 2 மணி அழைப்பு விதிக்கு உட்பட்டது. அதில் மிரட்டல் இல்லையெனில் குறை கூற இயலாது. மாலை 6.50 மணி அழைப்பு சாதாரண வங்கிக் கடனுக்கு அனுமதிக்கப்பட்டதே. ஆனால் இது குறுநிதிக் கடன் என்பதால் விதிமீறலாகிறது. உடன் பணிபுரிபவரை அழைத்துத் தொல்லை தருவது இரு விதிகளுக்கும் புறம்பானது. “நாள்தோறும் தொல்லை தருகிறார்கள்” என்று பொதுவாக எழுதும் புகாரைவிட, தேதி, நேரம், எண் ஆகியவற்றுடன் இம்மூன்று மீறல்களையும் தனித்தனியே குறிப்பிடும் புகார் வலுவானது.

அழைப்பின்போது செய்ய வேண்டியவை

அழைப்பவரின் நோக்கம் பெரும்பாலும் அந்த நொடியிலேயே ஒரு தேதியையும் தொகையையும் வாக்குறுதியாகப் பெறுவதுதான். பதற்றத்தில் அளித்த வாக்குறுதி தவறும்போது அடுத்த அழைப்பு மேலும் கடுமையாகிறது. எனவே, கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கைப்பேசிக்கு அருகில் வைத்துக்கொள்வது பயனளிக்கும். அழைப்பவரின் பெயர் என்ன, எந்த நிறுவனத்தின் சார்பில் பேசுகிறார், அவரை முகவராக நியமித்த தகவல் கடன்தாரருக்கு அனுப்பப்பட்டுள்ளதா என்ற மூன்று கேள்விகள் போதுமானவை. முகவரின் விவரங்களை வசூல் தொடங்கும்போதே கடன்தாரருக்குத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. நேரில் வருபவர் அடையாள அட்டையையும் அங்கீகாரக் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டும்.

பதில் கிடைத்த பின், “என்னால் இயன்ற தொகையை நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்கிறேன்” என்று கூறி உரையாடலை முடித்துக்கொள்ளலாம். எதிர்வாதம் தேவையில்லை. குரல் உயர்ந்தால் உரையாடலைப் பதிவு செய்து, அழைப்புப் பட்டியலைத் திரைப்படமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றுவது தற்காலிக நிம்மதி தரலாம். ஆனால் நிறுவனத்தின் முறையான அறிவிப்புகளும் கிடைக்காமல் போகக்கூடும்.

“போலீஸ் வந்து கைது செய்யும்” என்பது வழக்கமான மிரட்டல். தவணை தவறுவது மட்டுமே குற்றமாகாது. அது உரிமையியல் விவகாரம். எனினும், வழங்கிய காசோலை பணமின்றித் திரும்பினால் அது தனிக் குற்ற வழக்காகலாம். நீதிமன்றத்திலிருந்து உண்மையான அழைப்பாணை வந்தால் அதைப் புறக்கணிக்கக் கூடாது.

புகாரின் வரிசை

முதல் புகாரைக் கடன் வழங்கிய நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் அனுப்பி, ஒப்புகை பெற வேண்டும். செலுத்த இயலும் மாதத் தொகையையும் அதே கடிதத்தில் குறிப்பிடலாம். வங்கிக் கடனாயின் இதனால் மேலும் ஒரு பயனுண்டு: புகார் நிலுவையில் இருக்கும்வரை அந்தக் கணக்கை வசூல் முகவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. தொடர்ந்து பொய்ப் புகார் அளிப்பவர் என வங்கி உறுதியாகக் கருதினால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் தாமதமின்றி முறையிடலாம். cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகாரைப் பதிவு செய்யலாம். நடைமுறை குறித்த ஐயங்களுக்கு 14448 என்ற எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் பெறலாம். முதல் படியைத் தவிர்த்து நேரடியாக அனுப்பும் புகார் ஏற்கப்படாமல் போவதே பொதுவாக நேரும் தவறு.

உடல் தீங்கு விளைவிப்பதாக மிரட்டினால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. வித்துராவில் வசிப்பவர் வித்துரா காவல் நிலையத்திலேயே புகார் அளிக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100. பெண்கள் வருமான வரம்பின்றி இந்த உதவியைப் பெறலாம். அங்கீகாரமற்ற கடன் செயலியிலிருந்து மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

நேர வரம்பு வெறும் ஏட்டு விதியன்று. 2024 செப்டம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கிக்கு ரிசர்வ் வங்கி ரூ.1 கோடி அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களை இரவு 7 மணிக்குப் பிறகும் காலை 7 மணிக்கு முன்பும் தொடர்பு கொள்ளாதிருப்பதை உறுதி செய்யத் தவறியது அதற்கான காரணங்களுள் ஒன்று. ஆய்வு நடந்த காலத்துக்குரிய விதியில் காலை வரம்பு 7 மணியாக இருந்தது.

எனினும், முகவரின் விதிமீறல் கடனைத் தள்ளுபடி செய்யாது. புகார் நடைபெறும் காலத்திலும் வட்டி வளரும். தவணை தவறியது கடன் வரலாற்றிலும் பதிவாகும். ஆகவே, இயன்ற தொகையை முகவரின் கையிலோ தனிப்பட்ட கணக்கிலோ அளிக்காமல், நிறுவனத்தின் கடன் கணக்கில் செலுத்தி ரசீதைப் பாதுகாப்பது அவசியம்.