'படிச்சாலே தெரிஞ்சிடும்'... ஏஐ கட்டுரையைக் கண்டுபிடிப்பதில் ஆசிரியர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்? பயிற்சி உதவுமா?

நொச்சிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 40 மாணவர்களிடம் 'எங்கள் ஊர் கடற்கரை' என்று கட்டுரை கேட்கிறார் ஆசிரியர். 4 பேர் சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிக் கொடுக்கிறார்கள். "என் பசங்க எழுத்து எனக்குத் தெரியாதா?" என்பார் ஆசிரியர். ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு.

ஆசிரியர்களைச் சோதித்தபோது என்ன நடந்தது?

2024இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், மாணவர்கள் எழுதிய கட்டுரைகளையும் ஏஐ எழுதிய கட்டுரைகளையும் கலந்து ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள், ஏஐ கட்டுரைகளில் சுமார் 38% மட்டுமே சரியாகக் கண்டுபிடித்தார்கள். மாணவர் கட்டுரைகளில் 73% சரியாகச் சொன்னார்கள்.

73% நல்ல மதிப்பெண் போலத் தெரியும். ஆனால் அதே ஆசிரியர்கள் ஏஐ கட்டுரைகளிலும் 62 சதவீதத்தை 'மாணவர் எழுதியது' என்றே சொல்லியிருக்கிறார்கள். அதாவது, எதைக் கொடுத்தாலும் 'பிள்ளைதான் எழுதியிருக்கும்' என்று சொல்லும் பழக்கம் அது. அடையாளம் காணும் திறமை அதில் கொஞ்சம்தான். ஆனாலும் தங்கள் முடிவு சரி என்று அவர்கள் அளவுக்கு மீறி நம்பினார்கள்.

வகுப்பறைக் கணக்கு

இதே விகிதத்தை நம் 40 பேர் வகுப்பில் போட்டுப் பாருங்கள். ஏஐ பயன்படுத்திய 4 பேரில் ஒருவரோ இருவரோ சிக்குவார்கள். சொந்தமாக எழுதிய 36 பேரில் 27%, அதாவது கிட்டத்தட்ட 10 பேர் மீது சந்தேகம் விழும். ஆசிரியர் கூப்பிட்டு விசாரிக்கும் 11 பேரில் சுமார் 10 பேர் தப்பே செய்யாதவர்கள்!

ஏன் இப்படி?

நாம் தேடும் அடையாளங்களே தவறானவை. அமெரிக்காவின் கார்னெல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4,600 பேரிடம் நடத்திய சோதனை 2023இல் வெளியானது. சரியாகச் சொன்னவர்கள் 50 முதல் 52% வரைதான். காசு சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

'நான்', 'எனக்கு' என்று வந்தால், குடும்பத்தைப் பற்றிப் பேசினால், பேச்சு நடை இருந்தால் 'மனுஷன் எழுதியதுதான்' என்று பலரும் நம்பினார்கள். மனிதர்கள் எழுதியதைப் படித்தே பழகியது ஏஐ. 'எங்க பாட்டி மீன் விற்கும்போது நானும் கூடப் போவேன்' என்று அதுவும் எழுதும்.

ஊர்த் தகவல் இருந்தாலும் அது சான்று ஆகாது. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் மீன் கடைகள் அகற்றப்பட்டதும், மீனவர்கள் போராடியதும் செய்திகளில் வந்தவை. செய்தியில் வந்தது ஏஐ எழுத்திலும் வரலாம்.

பயிற்சி கொடுத்தால் மாறுமா?

எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. 2021இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு இதைச் சோதித்தது. பயிற்சி இல்லாதவர்கள் ஜிபிடி-3 எழுத்தை அடையாளம் கண்டது சுமார் 50%. வெறும் விதிமுறைகளைப் படிக்கக் கொடுத்ததில் பெரிய பலன் இல்லை. எழுத்து மாதிரிகளைக் காட்டி, விடையையும் சொல்லி விளக்கியபோதும் 55% வரைதான் ஏறியது. சில நிமிடப் பயிற்சியால் அவ்வளவுதான் முடியும்.

ஆனால் 2025இல் வெளியான இன்னொரு ஆய்வு நம்பிக்கை தருகிறது. தங்கள் எழுத்து வேலைக்கே அடிக்கடி ஏஐ பயன்படுத்தும் 5 பேரிடம் 300 ஆங்கிலக் கட்டுரைகள் தரப்பட்டன. ஐவரில் பெரும்பான்மையோர் சொன்னதை முடிவாக எடுத்தபோது, ஒரே ஒரு கட்டுரையில்தான் தவறு வந்தது. ஒரே வார்த்தையை மட்டும் அவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப வரும் சொற்கள், ஒரே அச்சில் வார்த்த பத்திகள், எல்லாவற்றையும் சமாதானமாக முடிக்கும் கடைசி வரி என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இதிலும் எல்லை உண்டு. அவை ஆங்கிலத்தில் வந்த பத்திரிகைக் கட்டுரைகள். பத்தாம் வகுப்பு மாணவர் எழுதும் தமிழ்க் கட்டுரைக்கும் அதே கண் வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது.

ஆசிரியர் என்ன செய்யலாம்?

ஏஐ எழுத்தைத் தாங்களே நிறைய எழுத வைத்துப் படிக்கலாம். பெயரை மறைத்து, மாணவர் கட்டுரைகளோடு கலந்து, சக ஆசிரியரிடம் கொடுத்து ஊகிக்கச் சொல்லி, உடனே விடையைச் சரிபார்க்கலாம். தப்பு எங்கே என்று தெரிந்தால்தான் கண் பழகும்.

சந்தேகம் வந்தால் தண்டனைக்கு முன்னால் ஐந்து நிமிடப் பேச்சு போதும். "இந்தப் பத்தியை ஏன் இங்கே வெச்சே? முதல்ல எழுதின நோட்டு எங்கே? பாட்டி கடையில அன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேட்டுப் பார்க்கலாம். எழுதிய பிள்ளை, கேட்டதைவிட அதிகமாகச் சொல்லும். பயத்தில் திக்கினால் அதையும் குற்றமாக எடுக்கக் கூடாது. அங்கேயே உட்கார வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.