அகவிலை: யாருடைய கூடை?

கல்பாக்கத்து அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோருக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் ஒன்று அணுபுரம். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியையும் ஜூலையையும் கணக்கில் கொண்டு, இங்குள்ள வீடுகளில் அகவிலைப்படி பற்றிய பேச்சு எழும். 2025 ஜூலை முதல் அது அடிப்படை ஊதியத்தில் 58 விழுக்காடு ஆனது. அந்த வாரத்தில் ஒருநாள், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குத் தானா ஏறுது டீச்சர். எனக்கு நான் வாயைத் தொறந்து கேட்டாதான் ஏறும்."

நாங்கள் இருவரும் ஒரே சந்தையில்தான் தக்காளி வாங்குகிறோம். விலை இருவருக்கும் ஒன்றுதான். அப்படியிருக்க, எனக்கான விலையேற்றத்தை அரசு மாதந்தோறும் அளக்கிறது, அவருக்கானதை ஏன் யாரும் அளப்பதில்லை? அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அகவிலை என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'அகம்' என்பதற்கு வீடு, உள்ளம் என்ற பொருள்களோடு தானியம் என்ற பொருளும் உண்டு. அகவிலை என்றால் தானியத்தின் விலை. அரசு அலுவலகத் தமிழ் இந்தச் சொல்லைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். ஏனெனில் இந்தப் படி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உணவு விலை ஏறியதை ஈடுகட்டும் தொகையாகத்தான் தொடங்கியது. போர் தொடங்கியதும் அரிசியும் கோதுமையும் விலையேற, ரயில்வே தொழிலாளர்கள் ஈட்டுத்தொகை கேட்டார்கள். 1940இல் பி. என். ராவ் தலைமையிலான விசாரணை மன்றம் அந்தக் கோரிக்கையை ஆராய்ந்தது. விலை எவ்வளவு ஏறியது என்று சொல்ல ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை எழுதிக் கணக்கெடுக்கும் வேலை அந்தப் பத்தாண்டில் நாடு தழுவியதாக விரிந்தது.

அளவுகோல் வந்தபின் அதைச் சரியாக வைத்திருக்கவும் போராட வேண்டியிருந்தது. 1963இல் பம்பாய்த் தொழிலாளர்கள், குறியீடு விலையேற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று தெருவுக்கு வந்தார்கள். டி. டி. லக்டாவாலா தலைமையில் அமைக்கப்பட்ட குழு அவர்கள் சொன்னதில் உண்மை இருப்பதைக் கண்டது. சங்கமாகத் திரண்டவர்களுக்குக் குறியீடு இருந்தது, அதைத் திருத்தவைக்கும் வலுவும் இருந்தது. இன்று அணுபுரத்து வீடுகளுக்கு வரும் அகவிலைப்படி இந்த ஆலைத் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் விட்டுச்சென்ற சொத்து. இப்போதும் அது 'தொழிற்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை' வைத்தே கணக்கிடப்படுகிறது. அறிவியலாளரின் படியையும் ஆலைத் தொழிலாளியின் கூடைதான் முடிவு செய்கிறது.

அந்தக் கூடையை மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் கட்டுகிறது. முதல் வேலை, யாருடைய கூடை என்று வரையறுப்பது. ஆலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, பொதுப் போக்குவரத்து, மின்சாரம், துறைமுகம் ஆகிய ஏழு துறைகளில் உடலுழைப்பு செய்பவர் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டு வருமானத்தில் பாதியோ அதற்கு மேலோ உடலுழைப்பிலிருந்து வர வேண்டும். பிறர் வீட்டில் பாத்திரம் துலக்குவதும் உடலுழைப்புதான். ஆனால் அது அந்த ஏழில் இல்லை. மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வாங்கி ஊருக்குள் கூடையில் சுமந்து விற்கும் பெண்ணின் வேலையும் இல்லை. விலை என்ன என்று கேட்பதற்கு முன்பே, யாரைக் கேட்பது என்ற இடத்தில் இவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்.

இரண்டாவது வேலை, தேர்ந்தெடுத்த குடும்பங்களிடம் ஓராண்டுக் காலம் பரவலாகச் சென்று, எதற்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்று கேட்டு எழுதுவது. மொத்தச் செலவில் ஒவ்வொரு வகைக்கும் போகும் பங்கே அதன் எடை. 2016ஐ அடிப்படையாகக் கொண்ட இப்போதைய வரிசையில் உணவுக்கு 39.17, வீட்டுவசதிக்கு 16.87, மருத்துவம், கல்வி, பயணம் போன்ற இதரச் செலவுகளுக்கு 30.31 என்று எடை. 2001ஐ அடிப்படையாகக் கொண்ட முந்தைய வரிசையில் உணவின் எடை 46.20 ஆக இருந்தது. மூன்றாவது வேலை, தேர்ந்த சந்தைகளில் தேர்ந்த கடைகளுக்குப் போய், அதே தரப் பொருளின் விலையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருவது. இப்போது நாடு முழுவதும் 88 மையங்களில் இது நடக்கிறது. அணுபுரத்துக்கு அருகில் உள்ள மையம் சென்னை.

கூடையில் உள்ள அளவுகளை அசையாமல் வைத்துக்கொண்டு விலையை மட்டும் மாறவிடும் இந்த முறையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் ஜெர்மானியப் பொருளியலாளர் லாஸ்பேயர்ஸ். முன்பு வாங்கியதையே இன்றும் வாங்கினால் எவ்வளவு கூடுதலாகும் என்ற ஒரே கேள்விக்கு அது விடை சொல்கிறது. ஆனால் அந்த விடை சராசரிக் கூடைக்கு உரியது. நம் கூடை வேறாக இருந்தால் நம் விலையேற்றமும் வேறாகும்.

அக்காவும் நானும் ஒரு மாலையில் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்களை எளிமைக்காக முழுமையாக்கிக்கொண்டோம். அவர் வீட்டில் மாதச் செலவு 8,000 ரூபாய்: உணவுக்கு 5,200, எரிபொருளுக்கும் விளக்குக்கும் 800, துணிக்கு 400, மாத்திரை, பேருந்து, கைப்பேசி, பிள்ளையின் படிப்பு என்று 1,600. சொந்தக் குடிசை, வாடகை இல்லை. எங்கள் வீட்டில் 50,000: உணவு 15,000, எரிபொருள் 2,000, துணி 4,000, குடியிருப்புக்கான கட்டணம் 1,500, மற்றவை 27,500.

ஓர் ஆண்டில் உணவு விலை 10 விழுக்காடும், எரிபொருளும் துணியும் 4 விழுக்காடும், வீட்டுச் செலவும் மற்றவையும் 3 விழுக்காடும் ஏறியதாக வைத்துக்கொண்டோம். அதே கூடையை வாங்க அவருக்கு 520, 32, 16, 48 என்று மொத்தம் 616 ரூபாய் கூடுகிறது. 8,000இல் அது 7.7 விழுக்காடு. எங்களுக்கு 2,610 ரூபாய் கூடுகிறது, 50,000இல் 5.2 விழுக்காடு. அதே விலைகளைத் தொழிலாளர் குறியீட்டின் எடைகளில் போட்டால், புகையிலை வகைக்கு 5 விழுக்காடு ஏற்றம் என்று சேர்த்து, ஏறத்தாழ 5.9 வருகிறது. ஆக, எங்கள் வீட்டுக்கு ஏறியதைவிடக் குறியீடு சற்று அதிகமாகக் காட்டுகிறது, அவர் வீட்டுக்கு ஏறியதைவிட மிகவும் குறைவாகக் காட்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பங்குகள்தாம் வேறு.

உணவு விலை இறங்கும் ஆண்டில் இந்தக் கணக்கு தலைகீழாகும், அவருடைய விலையேற்றம் எங்களுடையதைவிடக் குறையும். ஏழை வீட்டில் எப்போதும் விலைவாசி வேகமாக ஏறும் என்பது விதியல்ல. உணவு விலை எப்படி ஆடுகிறதோ அப்படி அந்த வீடு ஆடும் என்பதே உண்மை. ஆட்டத்தைத் தாங்கச் சேமிப்பு இல்லாத வீட்டில் அது வட்டிக்கடனாகிறது.

நாட்டின் எடைகள் சராசரியானது எப்படி என்பதையும் கவனிக்க வேண்டும். எல்லாக் குடும்பங்களின் செலவையும் கூட்டித்தான் பங்கு பிரிக்கிறார்கள். எனவே 50,000 செலவழிக்கும் வீடு, 8,000 செலவழிக்கும் வீட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் கூடையை வடிவமைக்கிறது. சராசரி என்று நாம் நினைப்பது தலைக்கு ஒரு வாக்கு அல்ல, ரூபாய்க்கு ஒரு வாக்கு.

இன்னொன்று கணக்கில் வராமலே போகிறது. அவருக்கு ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு மாதம் சரக்கு முழுதாக வராமல் 5 கிலோ குறைந்தால், கடையில் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கி 250 ரூபாய் செலவாகும். அவர் செலவில் அது 3 விழுக்காடு. ரேஷன் விலையும் மாறவில்லை, கடை விலையும் மாறவில்லை. ஆனால் வீட்டுச் செலவு ஏறிவிட்டது. சிலிண்டர் விலை ஏறும்போது நடப்பதோ இதற்கு நேர்மாறு. அவர் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வந்து அடுப்பெரிக்கிறார். பணச் செலவு குறைகிறது, அவருடைய நாளில் இரண்டு மணி நேரம் போகிறது. தக்காளி விலையேறினால் புளியைக் கூட்டிக் குழம்பு வைக்கிறார். விலையேற்றத்தைப் பெண்கள் தங்கள் உடம்பாலும் நேரத்தாலும் வயிற்றாலும் உறிஞ்சிக்கொள்கிறார்கள். பணமாக மாறாத எதையும் கூடை ஏற்பதில்லை.

இப்படிச் சொன்னால், கிராமத்து ஏழைகளுக்கென்று தனிக் குறியீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. விவசாயத் தொழிலாளர்களுக்கான குறியீட்டைத்தான் 2011 முதல் நூறு நாள் வேலையின் கூலியோடு இணைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 1986-87, எடைகளோ 1983இல் எடுத்த நுகர்வுக் கணக்கிலிருந்து வந்தவை. அதில் உணவின் எடை 69 விழுக்காடு. கைப்பேசி பிறக்காத காலத்துக் கூடை அது. உணவு விலை மெல்ல ஏறி, மருத்துவமும் கல்வியும் வேகமாக ஏறிய ஆண்டுகளில் அந்தக் கூடை கூலியைக் கீழே பிடித்து வைத்தது. தமிழ்நாட்டில் 2018-19இல் 224 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த ஆண்டு 229 ஆனது. ஏற்றம் ஐந்து ரூபாய். 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வெளிவந்தது 2025இல்தான். இதற்கிடையே தொழிற்துறைத் தொழிலாளர்களின் கூடை 2001ஐ அடிப்படையாக வைத்து ஒருமுறை, 2016ஐ வைத்து மறுமுறை என்று இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. சங்கம் வைத்துக் கேட்க ஆள் இருந்த கூடை அது.

அன்று மாலை எங்கள் கணக்கு முடிந்தபோது அக்கா தன் பேரனின் பழைய நோட்டைக் கொண்டு வருவதாகச் சொன்னார். அடுத்த ஆறு மாதம் அதில் அரிசி, பருப்பு, எண்ணெய், மாத்திரை என்று பதினைந்து பொருள்களை, அதே கடையில் அதே அளவுக்கு என்ன விலை என்று மாத முதல் வாரத்தில் எழுதினார். ரேஷனில் கிடைக்காமல் போனதைத் தனிப் பக்கத்தில் குறித்தார். முதல் மாதத்து மொத்தத்தை நூறு என்று வைத்து ஒவ்வொரு மாதத்தையும் அதோடு ஒப்பிட்டோம். தொழிலாளர் பணியகம் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்.

ஜனவரியில் அவர் அந்த நோட்டோடு வந்து நின்றார். நான் மட்டுமல்ல, அவர் வேலை செய்யும் மற்ற இரண்டு வீட்டாரும் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அவருடைய சம்பளம் இப்போது ஆண்டுக்கு இருமுறை, அவருடைய கூடையின்படி ஏறுகிறது. மற்ற இரண்டு வீடுகளில் ஒன்றில் ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்றில், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.