பிடித்தத் தொகையும் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும்

கட்டடத்தை ஒப்படைத்தபின் தெரியவரும் வேலைக் குறைகளை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்து தரவேண்டிய காலமே குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அதற்கு ஈடாக ஒவ்வொரு பில்லிலும் உரிமையாளர் நிறுத்திவைப்பது பிடித்தத் தொகை. பாதியை ஒப்படைப்பின்போதும் மீதியைக் காலம் முடிந்ததும் விடுவிப்பது பரவலான வழக்கம்.

கல்லாவியில் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு கிடங்கு எழும்புவதாகக் கொள்வோம். பிடித்தம் 5 சதவீதம், அதாவது 2 லட்சம். டிசம்பர் கடைசியில் சாவி கைமாறும்போது 1 லட்சம் விடுவிக்கப்படும். பொறுப்புக் காலம் 6 மாதம் என்றால் அது ஜூனில் முடிந்துவிடும். இப்பகுதியில் மழை வலுப்பதோ செப்டம்பர், அக்டோபரில். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்து விரிசல் அப்போதுதான் ஒழுகிக் காட்டும். ஆகவே மாதக் கணக்கைவிட ஒரு முழு மழைக்காலம் உள்ளடங்குகிறதா என்பதே முக்கியம். இங்கே 12 மாதம் பொருந்தும்.

ஒழுகலைத் தேதியிட்ட கடிதத்தில், படத்துடன் தெரிவிக்கவேண்டும். ஒப்பந்தத்தில் சொன்ன கெடுவுக்குள் ஒப்பந்ததாரர் வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்யலாம். அதற்கு 18,000 ஆனால் திரும்பத் தரவேண்டியது 82,000. முழுத் தொகையையும் முடக்குவது தகராறுக்கே வழி. உரிமையாளரே தளத்தில் துளையிட்டுக் கம்பம் நட்டதால் வந்த கசிவு இதில் சேராது.

ஒப்பந்ததாரரின் லாபம் 8 சதவீதம் என்றால் 3.2 லட்சம், அதில் 1 லட்சம் ஓராண்டு கைக்கு வராது. பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் அதே விகிதத்தில், அதே தேதிவரை பிடித்தம் வைத்தால்தான் அவர் கணக்கு நிற்கும்.