அழுத்தமா, அமுக்கமா? கையேடுகளை மொழிபெயர்க்கும்போது சொற்பட்டியல் ஏன் தேவை

அல் கோபாரில் கோடை தொடங்கிவிட்டால் குளிரூட்டி திருத்துவோருக்கு இரவு பகல் கிடையாது. எமது வேலைத்தளத்தில் மட்டக்களப்பு, மன்னார்ப் பிள்ளைகளும் தஞ்சாவூர், நாகர்கோவில் பிள்ளைகளும் ஒன்றாகவே வேலை செய்கிறார்கள். இயந்திரங்களோடு வரும் கையேடுகள் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். புதிதாக வந்தவர்கள் கைத்தொலைபேசியில் பக்கத்தைப் படம்பிடித்து, சட்ஜிபிடி, ஜெமினி போன்ற உரையாடு செயலியிடம் கொடுத்துத் தமிழில் வாசிக்கிறார்கள். தாங்கள் கண்ட பழுதைத் தமிழில் எழுதி, அதையே ஆங்கிலமாக்கி மேற்பார்வையாளருக்கு அனுப்புகிறார்கள். இது நல்ல வசதிதான். ஆனால் செயலியிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுக்காமல் இதைச் செய்தால் என்ன நடக்கும் என்பதை நாம் ஒரு கோடையில் பார்த்தோம்.

மட்டக்களப்புத் தம்பி ஒருவர் ஒரு மாடிக்குப் போய் வந்து எழுதிய குறிப்பு இது: "கொம்பிரசர் ஓடவில்லை, உறுமுகிறது, அழுத்தம் குறைவு." செயலி அதைப் பிழையில்லாத ஆங்கிலத்தில், வாயுவின் அமுக்கம் குறைவு என்ற பொருள்பட மாற்றிக் கொடுத்தது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. வாயு கசிந்துவிட்டது என்று எண்ணி, வாயு உருளையோடு இருவரை அனுப்பிவைத்தார். அளவுமானியைப் பூட்டிப் பார்த்தால் வாயு சரியாகவே இருந்தது. மல்டிமீற்றர் வைத்தபோது, 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190 வோல்ட்தான் வந்துகொண்டிருந்தது. தம்பி சொன்னது வாயுவை அல்ல, மின்சாரத்தை. அரை நாள் போனதோடு அன்று பிழைத்துக்கொண்டோம். அளவுமானி வைக்காமல் வாயுவை ஏற்றியிருந்தால் கொம்பிரசரே போயிருக்கும்.

தம்பியும் பிழைவிடவில்லை, செயலியும் இலக்கணப்படி பிழைவிடவில்லை. இலங்கையின் தமிழ்மொழிப் பாடநூல்களில் வாயுவும் நீரும் தருவது அமுக்கம். அழுத்தம் என்றால் அங்கே மின்னின் அழுத்தம், 'அழுத்த வித்தியாசம்' என்று நாம் பள்ளியில் படித்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் வாயு தருவதே அழுத்தம், மின்சாரத்துக்கு மின்னழுத்தம். வானிலைச் செய்தி கேட்பவர்களுக்கு இந்த வேறுபாடு பழகியதுதான். யாழ்ப்பாணத்தில் தாழமுக்கம் என்பது சென்னையில் காற்றழுத்தத் தாழ்வு. இணையத்தில் தமிழ்நாட்டு எழுத்தே மிகுதியாதலால், செயலியும் பெரும்பாலும் அந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பிரிவு எப்போதும் இருந்ததல்ல. 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்பு மண்ணின் சுவாமி விபுலாநந்தர். அந்த முயற்சியின் பயனாக 1938இல் 'கலைச்சொற்கள்' நூல் வெளிவந்தது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் ஒரு வழியிலும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்னொரு வழியிலும் போயின. வளைகுடாவில் ஒரே இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது இரண்டு வழியும் மோதுகின்றன.

எதைப் பட்டியலில் போடுவது

ஆரம்பத்தில் நாம் முந்நூறு சொல் எழுதினோம். அது வீண். செயலி எப்படியும் சரியாகச் சொல்லும் திருகாணி, குழாய், விசிறி போன்றவற்றுக்குப் பட்டியல் தேவையில்லை. பிழையாக விளங்கினால் ஆளுக்கோ இயந்திரத்துக்கோ கேடு வரும் சொற்களை மட்டும் பொறுக்கினோம். ஒரு குளிரூட்டிக் கையேட்டுக்கு அவை நாற்பதைத் தாண்டுவதில்லை.

அவற்றில் மிக ஆபத்தானது 'டிஸ்சார்ஜ்'. கையேட்டில் இது இரண்டு வேலை செய்கிறது. கொம்பிரசரிலிருந்து வாயு வெளியேறும் பக்கத்துக்கும் இதே சொல். கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்னேற்றத்தை இறக்குவதற்கும் இதே சொல். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கியெறியும் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்திருக்கலாம். ஆகவே, முனைகளைத் தொடுமுன் அதை இறக்கவேண்டும் என்று கையேடு எச்சரிக்கும். எமக்குக் கிடைத்த ஒரு மொழிபெயர்ப்பில் அந்த வரி "முனைகளைத் தொடுமுன் கெப்பாசிட்டரை வெளியேற்றவும்" என்று வந்திருந்தது. வாசிப்பவர் என்ன செய்வார்? கெப்பாசிட்டரைக் கழற்றி வெளியே எடுக்கப் போவார். கழற்றுவதற்கு முனையைத் தொட்டே ஆகவேண்டும். எச்சரிக்கை வரியே ஆளை ஆபத்துக்குள் தள்ளிவிடுகிறது.

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. ஆங்கிலக் கையேடு கொம்பிரசரின் வெளியேறு பக்க அமுக்கத்தையே ஓரிடத்தில் 'டிஸ்சார்ஜ் பிரஷர்' என்றும், இன்னோரிடத்தில் 'ஹெட் பிரஷர்' என்றும், வேறோரிடத்தில் 'ஹை சைட் பிரஷர்' என்றும் எழுதும். செயலி மூன்றுக்கும் மூன்று தமிழ்ப் பெயர் வைக்கும். புதியவர் மூன்று அளவுமானியைத் தேடுவார். ஆதலால் பட்டியலில் மூன்று ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டும்.

எமது பட்டியலின் ஒரு துண்டு இது:

```
pressure = அமுக்கம் | தவிர்: அழுத்தம்
voltage = வோல்டேஜ் | தவிர்: அழுத்தம், மின்னழுத்தம்
discharge pressure = உயர் பக்க அமுக்கம்
head pressure = உயர் பக்க அமுக்கம்
high-side pressure = உயர் பக்க அமுக்கம்
discharge the capacitor = கெப்பாசிட்டரின் மின்னேற்றத்தை இறக்கு | தவிர்: வெளியேற்று
press (button) = அழுத்து
```

'அழுத்தம்' என்ற பெயர்ச்சொல்லை நாம் இருபக்கத்துக்கும் தடைசெய்தோம். அதனால் யாரும் தோற்கவில்லை. அமுக்கம் என்பது தஞ்சாவூர்த் தம்பிக்குப் புதிது, ஆனால் 'அமுக்கு' என்ற வினை அவருக்கும் தெரியும். வோல்டேஜ் எல்லோர் வாயிலும் உள்ளது. நல்ல தமிழ் எது என்று நாம் பார்க்கவில்லை, இரண்டு பொருள் தராத சொல் எது என்றே பார்த்தோம். எழுத்துக்கூட்டலும் அப்படியே. 'வோல்ற்றேஜ்' என்று எழுதி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரே கையேட்டில் இரண்டு விதமாக வந்தால் தேடிப்பிடிக்க முடியாது என்பதற்காக ஒன்றில் நின்றோம்.

செயலியிடம் கொடுக்கும் முறை

பட்டியலை ஒருமுறை கொடுத்துவிட்டு எண்பது பக்கத்தையும் ஒரேயடியாகப் போடுவது உதவாது. நீண்ட உரையாடலில் முதலில் சொன்னது போகப்போக மங்கி, ஐம்பதாம் பக்கத்தில் அழுத்தம் திரும்பி வந்துவிடுகிறது. நாம் இரண்டு மூன்று பக்கமாக வெட்டிக் கொடுக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் பட்டியலை மறுபடியும் ஒட்டுகிறோம். கூடவே மூன்று கட்டளைகள்: பட்டியலில் உள்ள சொல்லை மாற்றாதே, எண், அலகு, பழுதுக் குறியீடு எதையும் தொடாதே, பட்டியலில் இல்லாத தொழிற்சொல் வந்தால் அதைத் துண்டின் இறுதியில் தனியாக எழுதிக் காட்டு. மூன்றாவதிலிருந்துதான் பட்டியல் வளர்கிறது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் இதே பட்டியல்தான், ஆனால் கட்டளை வேறு. தடைசெய்த சொல் தமிழ்க் குறிப்பில் இருந்தால் மொழிபெயர்க்காமல் எழுதியவரிடம் பொருளைக் கேள் என்று சொல்லிவைக்கிறோம். அந்தக் கோடையில் செயலி அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் உருளை மாடியேறியிருக்காது. அதோடு அலகைக் கட்டாயமாக்கினோம். 190 வோல்ட் என்றோ, 400 பிஎஸ்ஐ என்றோ எழுதிவிட்டால் சொல் தவறினாலும் எண் காப்பாற்றும்.

சரிபார்ப்பதில் ஒரு பொறி

மொழிபெயர்ப்பு முடிந்ததும் தடைசெய்த சொல்லைத் தேடிப்பார்ப்போம். இங்கே தமிழ் எம்மை ஏமாற்றும். 'அழுத்தம்' என்று தேடினால் அழுத்தத்தை, அழுத்தத்தால் என்பவை அகப்படா, வேற்றுமை ஏறும்போது சொல்லின் இறுதி மாறிவிடுகிறது. 'அழுத்த' என்று குறுக்கித் தேடினாலும் மின்னழுத்தம், உயரழுத்தம் என்பவை தப்பிவிடும், ஏனெனில் சொற்கள் புணரும்போது அகரம் முன்னெழுத்தோடு கலந்துவிடுகிறது. ஆகவே முதலெழுத்தையும் இறுதியையும் விட்டுவிட்டு 'ழுத்த' என்று தேடவேண்டும். சில மென்பொருளில் எழுத்து, கழுத்து என்பவையும் கூடவே வரும். பொத்தானை அழுத்தவும் என்பதும் வரும். அவற்றைக் கண்ணால் பார்த்துத் தள்ளிவிடலாம். இதே காரணத்துக்காகத்தான் செயலியிடம் 'உயர் பக்க அமுக்கம்' என்று இடம்விட்டு எழுதச் சொல்கிறோம், சேர்த்து எழுதினால் பின்னர் தேட முடியாது.

தேடல் சொல்லைப் பிடிக்கும், பொருளைப் பிடிக்காது. 'கெப்பாசிட்டரை வெளியேற்றவும்' என்பது போன்ற வரியை ஒரு மனிதர்தான் பிடிக்கவேண்டும். அதனால் எச்சரிக்கை வரிகளை மட்டும் தனியே எடுத்து, ஆங்கிலக் கையேட்டைப் பார்க்காத ஒருவரிடம் கொடுக்கிறோம். 'சரியா' என்று அவரிடம் கேட்பதில்லை. 'இதை வாசித்ததும் முதலில் எங்கே கைவைப்பீர்கள்' என்று கேட்கிறோம். அவர் காட்டும் இடத்தை ஆங்கிலம் தெரிந்தவர் மூலத்தோடு ஒப்பிடுவார். பத்துப் பன்னிரண்டு வரிதான், ஒரு தேநீர் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு கரையிலிருந்தும் ஒவ்வொருவர் இருந்தால் நல்லது. ஒருவருக்கு விளங்கியது மற்றவருக்கு வேறாக விளங்கினால், அந்தச் சொல் அன்றே பட்டியலில் ஏறும்.

எமது பட்டியல் இப்போது முப்பத்தெட்டுச் சொல்லில் நிற்கிறது, வேலைத்தளத்துக் கதவின் உட்புறத்தில் அச்சிட்டு ஒட்டியிருக்கிறோம். இந்தக் கோடையில் புதிதாக வந்த மன்னார்த் தம்பி முதல் நாளே அதை வாசித்துவிட்டு, "அண்ணை, அழுத்தம் ஏன் வெட்டிக் கிடக்குது?" என்று கேட்டார். வாயு உருளை மாடியேறிய கதையைச் சொன்னோம். அன்று மாலை அவர் எழுதிய குறிப்பில் "வோல்டேஜ் 228" என்று இருந்தது.